ஒரே பில், மூன்று பதிவேடு
பள்ளி ஆய்வகக் கிடங்கில் எதை எங்கே எழுதுவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குச் சாமான்கள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பில்லில் நான்கு வரிகள். ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 500 கிராம் பாட்டில் இரண்டு. சில்வர் நைட்ரேட் 25 கிராம் பாட்டில் ஒன்று. 50 மி.லி. பியூரெட் பன்னிரண்டு. மின்னணுத் தராசு ஒன்று. எல்லாம் ஒரே கடை, ஒரே நாள், ஒரே காசோலை. ஆனால் இந்த நான்கு வரிகளையும் ஒரே பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால், அடுத்த மார்ச்சில் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அந்தப் பதிவேடு பதில் சொல்லாது.

காரணம் எளிது. இந்தச் சாமான்கள் கிடங்கை விட்டு வெளியே போகும் விதம் ஒன்றுக்கொன்று வேறு. ரசாயனத்தை எடுத்துக் கொடுத்தால் அது திரும்பி வராது. கரைசலாகி, வினைபுரிந்து, கழுவுதொட்டியோடு போய்விடும். பியூரெட்டைக் கொடுத்தால் மாலையில் திரும்பி வர வேண்டும். ஆனால் காலையில் கொடுத்த அதே பியூரெட்தானா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். தராசு விஷயம் அப்படியல்ல. இயற்பியல் ஆய்வகத்துக்கு இரவல் போன தராசு திரும்பும்போது, அதே எண் கொண்ட அதே தராசாக இருக்க வேண்டும்.

கொடுத்தது திரும்பி வருமா, வந்தால் அதே பொருளாகத்தான் வர வேண்டுமா? ஆய்வகக் கிடங்கின் கணக்கு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். திரும்பாதது நுகர்பொருள். அதற்கு அளவுக் கணக்கு. அதே பொருளாகத் திரும்ப வேண்டியது நிலையான சொத்து. அதற்கு அடையாளக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே நிற்பவை கண்ணாடிச் சாமான்கள். அவற்றுக்கு எண்ணிக்கைக் கணக்கு.

அப்படியானால் இருப்பு என்பது எது? அதற்கென்று தனி அலமாரி கிடையாது. ஒரு குறிப்பிட்ட நாளில் கிடங்கில் செலவாகாமல் மிஞ்சியிருக்கும் நுகர்பொருள்தான் அந்த நாளின் இருப்பு. கணக்கியல் நியமங்களும் இப்படித்தான் பார்க்கின்றன: விற்பதற்கோ, சேவை வழங்கும்போது செலவழிப்பதற்கோ கையில் வைத்திருக்கும் பொருள் இருப்பு; ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துவதற்காக வாங்கியது சொத்து. எனவே அலமாரியில் உள்ள ரசாயனப் பாட்டில் இன்றைக்கு இருப்பு. நாளை வகுப்புக்குக் கொடுத்துவிட்டால் செலவு. தராசு என்றைக்குமே இந்த அர்த்தத்தில் இருப்பு ஆவதில்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'ஸ்டாக்' என்று சொல்லிவிடுவதால்தான் இரண்டும் ஒரே நோட்டில் போய் விழுகின்றன.

விதி என்ன சொல்கிறது?

இந்தப் பிரிவினை ஆசிரியர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகள் 2017, 211ஆம் விதியில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. எந்திரம், கருவி, மேசை நாற்காலி போன்ற நிலையான சொத்துகளுக்கு ஜி.எஃப்.ஆர். 22 என்ற படிவம். எழுதுபொருள், ரசாயனம், பராமரிப்புக்கான உதிரிப் பாகம் போன்ற நுகர்பொருட்களுக்கு ஜி.எஃப்.ஆர். 23. நூலகப் புத்தகங்களுக்குத் தனியாக ஜி.எஃப்.ஆர். 18. ரசாயனம் நுகர்பொருள்தான் என்று விதியே பெயர் சொல்லி எழுதியிருப்பதால், அதில் வாதத்துக்கு இடமில்லை.

மாநில அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் படிவமும் தலைப்பும் மாறலாம். ஆனால் நுகர்பொருளுக்கு ஒரு பதிவேடு, நிலைத்து நிற்பவற்றுக்கு ஒரு பதிவேடு என்ற அடிப்படை எங்கும் ஒன்றுதான். கண்ணாடிச் சாமான்களுக்கு மூன்றாவதாக ஒன்று வைப்பது பல பள்ளிகளின் வழக்கம். எந்தப் பதிவேடானாலும் எழுதத் தொடங்கும் முன் பக்கங்களுக்கு எண் போட்டு, 'இப்பதிவேட்டில் இத்தனை பக்கங்கள் உள்ளன' என்று முதல் பக்கத்தில் தலைமையாசிரியர் சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

பொருள் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பில்லைப் பார்த்து எழுதுவதல்ல. பெட்டியைப் பிரித்து எண்ணுவது, எடைபோடுவது, உடைந்ததை ஒதுக்குவது. நல்ல நிலையில் வந்த அளவை மட்டுமே வரவு வைக்க வேண்டும். பன்னிரண்டு பியூரெட்டில் ஒன்று வழியிலேயே உடைந்திருந்தால், கடைக்காரர் மாற்றிக் கொடுக்கும்வரை வரவு பதினொன்றுதான். அதன்பின் பில்லின் பின்பக்கத்திலேயே 'பொருட்கள் நல்ல நிலையில் பெறப்பட்டு, இருப்புப் பதிவேடு பக்கம் 34இல் வரவு வைக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் பணம் கொடுக்கலாம். நமது பில்லில் அந்தச் சான்று ஒரே பக்க எண்ணோடு முடியாது. ரசாயனத்துக்கு ஒரு பதிவேடு, ஒரு பக்கம், பியூரெட்டுக்கு இன்னொன்று, தராசுக்கு வேறொன்று. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது போய்ச் சேர்ந்த பதிவேட்டின் பெயரும் பக்கமும் இருக்க வேண்டும்.

இலவசமாக வந்த பொருளுக்கு பில் இருக்காது. அரசுத் திட்டத்தில் வந்த உபகரணப் பெட்டியோ, முன்னாள் மாணவர் கொடுத்த நுண்ணோக்கியோ, அதற்கும் இதே வரவு வேண்டும். பில் எண் எழுதும் இடத்தில் அனுப்பியவர் பெயரும் கடித எண்ணும் வரும். காசு கொடுக்காததால் கணக்கில் ஏறாமலேயே அலமாரியில் கிடக்கும் கருவிதான் காணாமல் போவதற்கு முதல் ஆளாக நிற்கும்.

ஒரு ரசாயனத்தின் ஓராண்டு

நுகர்பொருள் பதிவேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, விவரம், வரவு, வழங்கியது, மீதி, கையெழுத்து. இவ்வளவுதான். ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டின் பக்கத்தைப் பிரித்து, ஓராண்டை நடத்திப் பார்ப்போம். ஆய்வகங்களில் இதை எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில் பழைய பாட்டிலில் 200 கிராம் மீதி. அது 500 கிராம் 300 ரூபாய் என்ற விலையில் வாங்கியது. ஜூனில் வந்தது இரண்டு பாட்டில், அதாவது 1000 கிராம். பாட்டில் 320 ரூபாய். ஆக மொத்தம் 1200 கிராம். பன்னிரண்டாம் வகுப்பில் 60 மாணவர்கள். பருமனறி பகுப்பாய்வில் இதன் 0.1 நார்மல் கரைசல் தேவைப்படுகிறது. பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்து, ஒத்த அளவீடு வரும்வரை மூன்று நான்கு முறை செய்து, பிப்பெட்டை அலசுவதற்கும் சேர்த்தால் ஒரு மாணவருக்கு 100 மி.லி. ஆகும். 60 பேருக்கு 6 லிட்டர். இந்த உப்பின் சமான எடை 392 என்பதால் ஒரு லிட்டர் 0.1 நார்மல் கரைசலுக்கு 39.2 கிராம் வேண்டும். 6 லிட்டருக்கு 235 கிராம். கொஞ்சம் சிந்துவதையும் சேர்த்து 240 கிராம்.

ஜூலையில் ஒரு சுற்று, அக்டோபரில் ஒரு சுற்று, செய்முறைத் தேர்வுக்கு முன் ஜனவரியில் ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் தேவைச் சீட்டு எழுதிக் கொடுக்க, ஆய்வக உதவியாளர் 240 கிராம் கொடுத்து, பக்கத்தில் எழுதுகிறார். மூன்று சுற்றுக்கு 720 கிராம். பதிவேட்டின்படி மார்ச் 31 அன்று மீதி 480 கிராம்.

சரிபார்க்க வந்தவர் பாட்டிலை எடைபோடுகிறார். காலிப் பாட்டிலின் எடையைக் கழித்தால் இருப்பது 410 கிராம். 70 கிராம் குறைகிறது. இங்கேதான் கணக்கு தெரிந்தவரும் வேதியியல் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஒரு மாணவருக்கு 100 மி.லி. என்றால் 3.92 கிராம். 70 கிராமை அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 18 பேர். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஜனவரிச் சுற்றின்போது விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்த 18 மாணவர்களுக்குப் பிப்ரவரியில் தனியாக ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. 'சார், அன்னிக்கு அவசரத்துல சீட்டு போடலை' என்கிறார் உதவியாளர். குறைந்தது ரசாயனம் அல்ல, ஒரு வரி.

இதைச் சரிசெய்வதற்கும் முறை இருக்கிறது. ஜனவரி வரியில் 240ஐ அடித்து 310 ஆக்கக் கூடாது. சரிபார்த்த தேதியிலேயே புதிதாக ஒரு வரி எழுதி, '18 மாணவர்களுக்கான பிப்ரவரி வகுப்பு, வழங்கல் விடுபட்டது, 70 கிராம்' என்று காரணம் காட்டி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு மீதியை 410 ஆக்க வேண்டும். வெள்ளை மை பூசிய ஒரு எண் இருந்தாலே அந்தப் பக்கம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இந்த 410 கிராம்தான் அந்த ஆண்டின் இறுதி இருப்பு. பழையதை முதலில் செலவழித்தோம் என்று கொண்டால் மிஞ்சியது புதிய பாட்டில். கிராமுக்கு 64 காசு. இருப்பின் மதிப்பு 262 ரூபாய் 40 காசு. ஆண்டுச் செலவும் இதிலிருந்தே வருகிறது. தொடக்க இருப்பு 120 ரூபாய், வாங்கியது 640 ரூபாய், இரண்டும் சேர்ந்து 760. அதில் இறுதி இருப்பைக் கழித்தால் 497 ரூபாய் 60 காசு. வாங்கிய தொகை 640; செலவான தொகை 497.60. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காட்டுவதுதான் இருப்புக் கணக்கின் வேலை.

நடைமுறையில் சிறிய பள்ளிகள் வாங்கிய அன்றே முழுத் தொகையையும் செலவில் எழுதிவிடுகின்றன. அரசுப் பள்ளிகளில் பணம் கொடுத்ததுமே செலவு முடிந்துவிடும். தொகை சிறியதாக இருக்கும்வரை இதில் பெரிய தவறில்லை. ஆனால் பணக் கணக்கில் செலவு முடிந்தாலும் அளவுக் கணக்கு முடிவதில்லை. பாட்டிலில் கடைசிக் கிராம் இருக்கும்வரை பதிவேட்டில் அதற்கு ஒரு மீதி இருந்தாக வேண்டும்.

பாட்டிலா, கிராமா?

நுகர்பொருள் பதிவேடுகளில் அதிகம் குழப்புவது அளவின் அலகு. ஜூனில் '2 பாட்டில்' என்று வரவு வைத்து, ஜூலையில் '240 கிராம்' என்று வழங்கினால் மீதியை எப்படிப் போடுவது? சிலர் மூடி திறந்ததுமே முழுப் பாட்டிலையும் வழங்கியதாக எழுதிவிடுவார்கள். விலை மலிவான சோடியம் குளோரைடுக்கு அது பரவாயில்லை. சில்வர் நைட்ரேட்டுக்கு ஆகாது. 25 கிராம் சில்வர் நைட்ரேட்டில் சுமார் 16 கிராம் வெள்ளி இருக்கிறது. அதைப் பூட்டிய அலமாரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் கிராமும் அதன் பின்னமும் பார்த்துத்தான் எழுத வேண்டும். மலிவானதற்குப் பாட்டில், விலை உயர்ந்ததற்கும் ஆபத்தானதற்கும் கிராம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, பக்கத்தின் தலையில் அலகை எழுதிவிட்டால் பிறகு மாற்றக் கூடாது.

எடை சரியாக இருப்பதாலேயே இருப்பு சரி என்றும் ஆகாது. சில ரசாயனங்கள் பாட்டிலுக்குள்ளேயே மாறுகின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். பதிவேட்டைவிடப் பாட்டிலில் அதிகம் இருந்தால் அது வழங்காமல் எழுதியதாகவும் இருக்கலாம், ஈரமாகவும் இருக்கலாம். கட்டியாகி ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம்தான். அயோடினும் அம்மோனியம் கார்பனேட்டும் இதற்கு நேர்மாறு: மூடி தளர்ந்திருந்தால் யாரும் தொடாமலேயே ஆவியாகிக் குறையும். அம்மோனியா கரைசலில் திரவம் பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் வாயு வெளியேறி வீரியம் போயிருக்கும். எஃப்.ஏ.எஸ். இளம் பச்சையாக இருக்க வேண்டும்; பழுப்பு ஏறியிருந்தால் ஆக்சிஜனேற்றம் நடந்துவிட்டது என்று பொருள். 410 கிராமும் அலமாரியில் இருக்கும், ஆனால் அதை வைத்துச் செய்யும் மாணவரின் விடை தவறாகும்.

இத்தகையவற்றை மீதியில் சுமந்துகொண்டே போவது பொய்க் கணக்கு. சரிபார்ப்பின்போது 'பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று தனிப்பட்டியல் போட்டு, தலைமையாசிரியரின் ஆணை பெற்று, கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பாதுகாப்பாக அழித்த விவரமும் தேதியும் அதே பக்கத்தில் வர வேண்டும். இதற்குப் பயந்துதான் பல கிடங்குகளில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த பாட்டில்கள் ஆண்டாண்டாக மேல் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

பியூரெட்டின் இடம் எது?

கண்ணாடிச் சாமான்கள்தான் வாதத்துக்கு இடமானவை. பியூரெட் செலவாவதில்லை, பத்தாண்டுகூட உழைக்கும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றினால், நூற்றுக்கணக்கான பீக்கர்களும் சோதனைக் குழாய்களும் அந்தப் பதிவேட்டை நிரப்பி, உண்மையான கருவிகளை மறைத்துவிடும். நுகர்பொருளில் எழுதினாலோ வகுப்புக்குக் கொடுத்த அன்றே கணக்கு முடிந்துவிடும். மாலையில் திரும்பி வந்ததா என்று கேட்க வழியிருக்காது.

ஆகவே பணத்தை ஒரு விதமாகவும் எண்ணிக்கையை வேறு விதமாகவும் நடத்துவதுதான் தீர்வு. பணக் கணக்கில் வாங்கிய ஆண்டிலேயே செலவு. கிடங்குக் கணக்கில் உடையும்வரை எண்ணிக்கை. முன்பு 30, வந்தது 12, ஆக 42. வகுப்புக்குக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் அன்றாட வழங்கல் நோட்டில் மட்டும் இருக்கும். அதனால் பதிவேட்டின் மீதி குறையாது. மீதியைக் குறைப்பது உடைவு ஒன்றுதான்.

அதற்குத் துணையாக உடைவுப் பதிவேடு. என்று உடைந்தது, என்ன பொருள், எத்தனை, எந்த வகுப்பு, எப்படி உடைந்தது, விலை வசூலிக்கப்பட்டதா இல்லையா, ஆசிரியர் கையெழுத்து. மாதக் கடைசியில் கூட்டுத்தொகையைக் கண்ணாடிப் பதிவேட்டுக்கு எடுத்து எழுத வேண்டும். ஆண்டில் ஐந்து உடைந்திருந்தால் மீதி 37. எண்ணிப் பார்க்கும்போது 37 பியூரெட் நிற்க வேண்டும்.

நல்ல உதவியாளர்கள் உடைந்த துண்டுகளை உடனே குப்பையில் போடுவதில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்து, சரிபார்ப்பவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அழிப்பார்கள். பியூரெட் பெரும்பாலும் முழுதாக நொறுங்குவதில்லை. நுனி உடையும், அல்லது திருகு இறுகிக்கொள்ளும். திருகு மட்டும் மாற்றினால் அது பழுதுச் செலவு. பியூரெட்டின் எண்ணிக்கை மாறாது. நுனி உடைந்து அளவுக்கு உதவாது என்றால்தான் உடைவு. ஒரு பள்ளியின் உடைவுப் பதிவேட்டில் ஆண்டு முழுவதும் ஒரு வரியும் இல்லையென்றால், அங்கே மாணவர்கள் கவனமானவர்கள் என்று நம்புவதைவிட, செய்முறை வகுப்பு ஒழுங்காக நடந்ததா என்று கேட்பதே பொருத்தம்.

தராசுக்கு ஒரு ஜாதகம்

தராசு போய்ச் சேர வேண்டிய இடம் நிலையான சொத்துப் பதிவேடு. இங்கே வரவு, வழங்கல், மீதி என்ற ஓட்டம் இல்லை. ஒரு கருவிக்கு ஒரு வரி அல்லது ஒரு பக்கம்; அதில் அதன் வாழ்க்கை முழுவதும். பெயர், நிறுவனம், மாதிரி, உற்பத்தியாளர் பொறித்த வரிசை எண், விற்றவர், பில் எண், தேதி, விலை, இருக்குமிடம், பொறுப்பாளர். பிறகு பள்ளி கொடுக்கும் எண்: 'வேதி/தராசு/2024/01' என்பது போல. அந்த எண்ணைக் கருவியின் மேல் அழியாத மையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பதிவேட்டில் உள்ள தராசும் மேசையில் உள்ள தராசும் ஒன்றுதான் என்பதற்குச் சான்று இல்லை.

விலை என்பது பில் தொகை மட்டுமல்ல. தராசு 11,500 ரூபாய், கொண்டுவந்து பொருத்த 500 ரூபாய் என்றால் பதிவேட்டில் ஏறுவது 12,000. அதன்பின் ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பும் மாற்றும் பாட்டரியும் விலையில் சேராது. அவை அந்தந்த ஆண்டின் செலவு. ஆனால் பழுதுக்குப் போன தேதியும் திரும்பி வந்த தேதியும் குறிப்பில் இருக்க வேண்டும். கடைக்குப் பழுதுபார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட கருவிகள் இந்தக் குறிப்பு இல்லாததால்தான் மறக்கப்படுகின்றன.

இயற்பியல் ஆய்வகத்தில் இன்னொரு சிக்கல் வரும். எடைப்பெட்டி ஒரு பொருளா, அதிலுள்ள ஒவ்வொரு எடையும் ஒரு பொருளா? பெட்டி ஒன்றுக்கு ஓர் எண். அதன் கீழே உள்ளடங்கிய எடைகளின் பட்டியல். மில்லிகிராம் எடை ஒன்று தொலைந்தால் பெட்டி தொலையவில்லை. 'உறுப்பு குறைவு' என்று குறிப்பு ஏறும். நுண்ணோக்கிக்கும் அதன் கண்ணருகு வில்லைகளுக்கும் இதே முறைதான்.

தேய்மானம் என்பது தனியார் பள்ளிகளின் கணக்கில் வருவது. அரசுப் பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் வாங்கிய விலை அப்படியே நிற்கும். நிறுவனங்கள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை, கல்வி நிலையங்களில் உள்ள ஆய்வகக் கருவிகளுக்கு 5 ஆண்டு ஆயுள் என்று வைத்திருக்கிறது; பொதுவான ஆய்வகக் கருவிகளுக்கு 10 ஆண்டு. மாணவர் கைபட்டால் பாதி ஆயுள் என்பது போல. அந்தச் சட்டம் கம்பெனிகளுக்கானது. அறக்கட்டளை நடத்தும் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டால், 12,000 ரூபாய்த் தராசில் கடைசியில் 600 ரூபாய் மிஞ்சும் என்று வைத்து, மீதி 11,400ஐ ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 2,280 ரூபாய் தேய்மானம் எழுதலாம்.

ஐந்தாண்டு முடிந்தபின் கணக்கில் 600 ரூபாய்தான் இருக்கும். தராசோ நன்றாக எடைகாட்டிக்கொண்டிருக்கும். மதிப்பு தேய்ந்துவிட்டது என்பதற்காகப் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கக் கூடாது. பொருள் பள்ளியில் இருக்கும்வரை வரியும் இருக்கும். இதேபோல, தாங்கி, இடுக்கி போன்ற சில்லறைச் சாமான்களின் விலையைச் சொத்தாகக் காட்டாமல் செலவில் எழுதுவது கணக்கரின் வசதி. ஆனால் அவற்றின் எண்ணிக்கையைப் பள்ளி வைத்திருந்தாக வேண்டும்.

சொத்து வெளியேற வழி ஒன்றே. பயன்படாது என்று குழு பார்த்துச் சான்றளித்து, அதிகாரம் உள்ளவர் ஆணையிட்டு, ஏலத்திலோ வேறு முறையிலோ அகற்றிய பிறகு, அதே வரியில் ஆணை எண்ணும் தேதியும் கிடைத்த தொகையும் எழுதி முடிப்பது. பள்ளிகளில் இதைத்தான் 'கண்டம் செய்வது' என்பார்கள். அதுவரை ஓடாத தராசும் சொத்துதான்.

பதிவேடு மாறினால் என்ன ஆகும்?

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், இடம் மாறி எழுதுவதால் வரும் சேதம் விளங்கும். தராசை நுகர்பொருள் பதிவேட்டில் எழுதியதாக வைத்துக்கொள்வோம். ஜூனில் வரவு 1. ஜூலையில் உயிரியல் ஆய்வகத்துக்குக் கொடுக்கிறார்கள்; வழங்கல் 1, மீதி 0. பக்கம் முடிந்தது. அந்த நொடியிலிருந்து அந்தத் தராசுக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டு ஆண்டு கழித்து அது இல்லை என்றாலும் கணக்கு 'சரியாகவே' இருக்கும். சொத்துப் பதிவேட்டில் இருந்திருந்தால் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனது இடமாற்றம் மட்டுமே; இருக்குமிடம் மாறும், பொருள் கணக்கிலேயே நிற்கும்.

எதிர்த் திசையில் தவறினால் சேதம் வேறு மாதிரி. எஃப்.ஏ.எஸ். பாட்டிலைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அதை வெளியேற்றக் குழுவும் ஆணையும் வேண்டும். யாரும் அதற்காகக் குழு கூட்டப்போவதில்லை. என்றோ தீர்ந்துபோன ரசாயனம் ஆண்டுக்கணக்கில் 'கையிருப்பில்' காட்டப்படும். புதிதாகப் பொறுப்பேற்க வரும் ஆசிரியர், இல்லாத பொருளுக்குக் கையெழுத்துப் போட மறுப்பார். பழையவர் பணியிலிருந்து விடுபட முடியாமல் தவிப்பார்.

இவற்றைப் பிடிப்பதற்குத்தான் ஆண்டுச் சரிபார்ப்பு. பொது நிதி விதிகள் சொத்துகளையும் நுகர்பொருட்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. பொறுப்பாளர் முன்னிலையிலேயே சரிபார்க்க வேண்டும். கண்டதை அந்தப் பதிவேட்டிலேயே எழுத வேண்டும் என்பதும் விதி. சரிபார்ப்பவர் வேறொரு துறை ஆசிரியராக இருப்பது நல்லது. பதிவேட்டை வாசித்துப் பொருளைத் தேடுவதோடு நிறுத்தாமல், அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதன் வரியைப் பதிவேட்டில் தேடவும் வேண்டும். முதல் வழி காணாமல் போனதைக் காட்டும். இரண்டாவது வழி கணக்கில் ஏறாததைக் காட்டும்.

செய்முறைத் தேர்வு முடிந்து, மார்ச் 31க்கு முன் வரும் நாட்களே இதற்கு ஏற்ற காலம். தலைமையாசிரியர்கள் அதற்கு முன்பே ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம்: கடைசியாக வந்த ஆய்வக பில்லை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வரிக்கும் ஒரே பக்க எண் இருந்தால், உங்கள் கிடங்கின் கணக்கை இந்த ஆண்டே பிரித்து எழுதத் தொடங்குங்கள்.